தேடல் மரத்தில் எல்.சி.ஏ.: கூடுதல் மெமரி இல்லாமல் கண்டுபிடிக்க எந்த வழி சரி?

பைனரி சர்ச் ட்ரீ ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு நோடுகளைக் கொடுத்து, இரண்டுக்கும் பொதுவான மூதாதைகளில் எது மிகக் கீழே இருக்கிறது என்று கேட்கிறார்கள். அதுதான் எல்.சி.ஏ. கூடவே ஒரு நிபந்தனை: கூடுதல் மெமரி எடுக்கக் கூடாது. இன்டர்வியூவுக்குத் தயாராகும் நண்பர்கள் இந்தக் கேள்வியோடு வரும்போது, விடை தெரியாமல் வருவதில்லை. இரண்டு மூன்று விடைகளோடு வருகிறார்கள், எதை எழுதுவது என்பதில்தான் திண்டாட்டம். ஒருவர் ரிகர்ஷன் போதும் என்பார். இன்னொருவர் ரூட்டிலிருந்து லூப் போட்டு இறங்கலாம் என்பார். மூன்றாமவர் பேரன்ட் பாயின்டர் பிடித்து மேலே ஏறலாம் என்பார். மாரிஸ் முறையைப் படித்தவர்கள் அதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

நான்குமே சரியான விடை தரக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் எதையோ எதிர்பார்க்கிறது, எங்கோ ஒரு செலவை ஒளித்து வைத்திருக்கிறது.

## எதை வைத்து அளப்பது?

முதலில் "கூடுதல் மெமரி" என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாமே ஒதுக்கும் லிஸ்ட், ஹேஷ் செட் மட்டும் கணக்கில்லை. ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்போது வளரும் ஸ்டாக்கும் மெமரிதான். கேள்வி கேட்பவர் ஸ்டாக்கைக் கணக்கில் சேர்க்கிறாரா என்று கேட்டுவிடுவது நல்லது. நான் சேர்த்துக்கொண்டே பேசுகிறேன்.

இரண்டாவது, மரம் நமக்கு என்ன தருகிறது? ரூட் கையில் இருக்கிறதா, நோடில் பேரன்ட் பாயின்டர் இருக்கிறதா, நமக்குத் தருவது நோடையா அல்லது வெறும் கீயையா? மூன்றாவது, எத்தனை நோடுகளைத் தொட வேண்டியிருக்கிறது? நான்காவது, கேட்ட கீ மரத்தில் இல்லாவிட்டால் அந்த வழி அதைக் கண்டுபிடித்துச் சொல்லுமா, அல்லது பேசாமல் ஒரு தவறான விடையைத் தருமா? என் அனுபவத்தில் பலரும் விழுவது இந்த நான்காவதில்தான்.

எல்லாவற்றுக்கும் ஒரே மரத்தை எடுத்துக்கொள்வோம். 50, 30, 70, 20, 40, 60, 80, 35, 45 என்ற வரிசையில் சேர்த்தால் இப்படி வரும்:

```
            50
          /    \
        30      70
       /  \    /  \
     20   40  60   80
         /  \
       35    45
```

## வழி 1: ரூட்டிலிருந்து லூப் போட்டு இறங்குவது

யோசனை மிக எளிது. இரண்டு கீகளும் இப்போதிருக்கும் நோடைவிடச் சிறியவை என்றால் இடப்பக்கம் போ. இரண்டும் பெரியவை என்றால் வலப்பக்கம் போ. இரண்டும் பிரிகிற இடத்தில், அல்லது ஒன்று இந்த நோடாகவே இருக்கும் இடத்தில், நில். அதுதான் விடை.

```python
def lca(root, a, b):
    lo, hi = (a, b) if a < b else (b, a)
    node = root
    while node is not None:
        if node.key < lo:
            node = node.right
        elif node.key > hi:
            node = node.left
        else:
            return node
    return None
```

35, 45 இரண்டையும் கேட்டால் 50-லிருந்து இடப்பக்கம் 30, அங்கிருந்து வலப்பக்கம் 40. 40 என்பது 35-க்கும் 45-க்கும் நடுவில் விழுவதால் அங்கேயே நிற்கிறோம். தொட்டது மூன்று நோடுகள். 35-ஐயோ 45-ஐயோ நாம் போய்ப் பார்க்கவே இல்லை. இந்த வழியின் பலமும் பலவீனமும் இந்த ஒரே விஷயத்தில்தான் இருக்கின்றன.

முதலில் பலம். செலவு எல்.சி.ஏ. இருக்கும் ஆழத்தைப் பொறுத்தது. நோடுகள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் கவலையில்லை. 20 அடுக்குகள் கொண்ட, முழுதாக நிரம்பிய மரத்தை நினைத்துப் பாருங்கள். அதில் 10,48,575 நோடுகள். ஏதோ இரண்டு நோடுகளை எடுத்தால், அவை ரூட்டின் இரு பக்கங்களிலும் ஆளுக்கொன்றாக விழ ஏறக்குறைய பாதி வாய்ப்பு. அப்படி விழுந்தால் ரூட்டே விடை, ஒரே நோடில் வேலை முடிந்தது. ஒரே பக்கம் விழுந்தாலும் அடுத்த அடுக்கில் பிரிய மறுபடியும் பாதி வாய்ப்பு. 1 + 1/2 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் 2 வருகிறது. பத்து லட்சம் நோடு மரத்தில் சராசரியாக இரண்டே நோடுகளைத் தொட்டு விடை சொல்லிவிடலாம். எனக்கு இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை, சின்ன மரம் ஒன்றில் ஒவ்வொரு ஜோடியாக எண்ணிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது பலவீனம். நோடுகளைப் போய்ப் பார்க்காததால், அவை மரத்தில் இருக்கின்றனவா என்பதே இந்தக் கோடுக்குத் தெரியாது. நம் மரத்தில் 33, 36 இரண்டையும் கேளுங்கள். இரண்டுமே மரத்தில் இல்லை. ஆனால் 50, 30, 40 என்று இறங்கி 35-க்கு வந்து, 33-க்கும் 36-க்கும் நடுவில் 35 இருப்பதால் "35" என்று விடை வரும். அதே நேரத்தில் 42, 44 கேட்டால் 45 வரை போய், அதன் இடப்பக்கம் ஒன்றுமில்லாமல் `None` வரும். ஆக, இல்லாத கீகளுக்குச் சில சமயம் `None`, சில சமயம் பார்த்தால் சரிபோலத் தெரியும் ஒரு நோடு. டெஸ்ட் எழுதுபவர் 42, 44 போன்ற ஜோடியை மட்டும் சோதித்துவிட்டு, "இல்லாத கீயைச் சரியாகப் பிடிக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்.

சரி, இருக்கிறதா என்று சோதித்துவிடலாமே? தாராளமாக. எல்.சி.ஏ. கிடைத்த இடத்திலிருந்தே `lo`-வையும் `hi`-யையும் தனித்தனியே தேடிக்கொண்டு இறங்கினால் போதும், மறுபடி ரூட்டுக்குப் போக வேண்டாம், மெமரியும் கூடாது. ஆனால் அந்தப் பத்து லட்சம் நோடு மரத்தில் பாதி நோடுகள் கடைசி அடுக்கில் இருக்கின்றன. எல்.சி.ஏ.-வுக்கு இரண்டு நோடு தொட்ட நாம், சரிபார்க்க ஆளுக்கு 18 படி இறங்க வேண்டிவரும். கேள்வியைவிடச் சரிபார்ப்புதான் பல மடங்கு செலவு. அழைப்பவர் நோடையே கையில் கொடுத்தால் அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம். வெறும் கீயைக் கொடுத்தால் அதைச் செலுத்தித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு பள்ளமும் உண்டு. `lo`, `hi` என்று வரிசைப்படுத்தாமல், இரண்டும் ஒரே பக்கமா என்பதைப் பெருக்கிப் பார்க்கும் குறுக்குவழி பலருக்கும் பழக்கம்:

```java
while ((node.key - a) * (node.key - b) > 0)
    node = a < node.key ? node.left : node.right;
```

அழகாக இருக்கிறது, சின்ன எண்களுக்கு வேலையும் செய்கிறது. ரூட் 100000, அதன் இடப்பக்கம் 50000, அதற்கும் இடப்பக்கம் 40000 என்று வைத்துக்கொண்டு 40000, 50000 இரண்டையும் கேளுங்கள். விடை 50000 வர வேண்டும். ஆனால் 60000-ஐ 50000-ஆல் பெருக்கினால் 3,00,00,00,000. 32-பிட் `int`-இல் அடங்கும் பெரிய எண் 2,14,74,83,647. ஜாவாவில் அந்தப் பெருக்கல் சுற்றிக்கொண்டு -1,29,49,67,296 ஆகிவிடும். எதிர்மறை எண் என்பதால் லூப் உடனே நின்று, ரூட்டையே விடையாகத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. சி மொழியில் இன்னும் மோசம், அங்கே இப்படி நிரம்பி வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கழித்துப் பெருக்க வேண்டாம்.

## வழி 2: அதையே ரிகர்ஷனில் எழுதுவது

யோசனை அதேதான், லூப்புக்குப் பதில் ஃபங்ஷன் தன்னையே அழைக்கிறது. படிக்க அழகு. ஆனால் ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் ஓர் இடம் பிடிக்கும், ஆக மெமரி மரத்தின் உயரத்தோடு வளரும்.

"கடைசியில் அழைப்பதால் கம்பைலரே லூப்பாக மாற்றிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். ஜிசிசியில் `-O2` கொடுத்தால் அது பெரும்பாலும் நடக்கும். டீபக் செய்ய `-O0` கொடுத்தால் நடக்காது. ஜாவாவும் வழக்கமான பைதானும் இதைச் செய்வதில்லை. பைதானில் ரிகர்ஷன் வரம்பு இயல்பாக 1000. 1 முதல் 10000 வரை வரிசையாகச் சேர்த்தால் மரம் ஒரே வலப்பக்கக் கயிறாக நீண்டுவிடும், அதில் 9998, 9999 கேட்டால் `RecursionError` வந்து விழும். டெஸ்டில் இருக்கும் பத்து நோடு மரத்தில் இது தலைகாட்டாது.

மரம் சமநிலையில் இருக்கும் என்ற உறுதி இருந்தால், அதாவது ஏவிஎல் அல்லது ரெட்-பிளாக் மரம் என்றால், ரிகர்ஷனால் ஆபத்தில்லை. ஆனாலும் "கூடுதல் மெமரி இல்லாமல்" என்று கேட்டவருக்கு இது விடையாகாது. லூப் எழுதினால் வரிகள் ஒன்றும் கூடிவிடாது என்பதால் இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

## வழி 3: பேரன்ட் பாயின்டர் பிடித்து ஏறுவது

இங்கே கீயைப் பார்ப்பதே இல்லை. இரண்டு நோடுகளிலிருந்தும் மேலே ஏறுகிறோம். இரண்டு பாதைகளும் சேரும் முதல் இடம் எல்.சி.ஏ. சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே ஆழத்தில் இல்லாவிட்டால் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். அதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: ரூட்டைத் தாண்டியவர் அடுத்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து மறுபடி ஏறட்டும்.

```python
def lca_up(p, q):
    a, b = p, q
    while a is not b:
        a = a.parent if a is not None else q
        b = b.parent if b is not None else p
    return a
```

35, 60 என்ற ஜோடியை நடத்திப் பார்ப்போம். முதல் ஆள் 35, 40, 30, 50, `None`, 60, 70, 50 என்று போகிறார். இரண்டாவது ஆள் 60, 70, 50, `None`, 35, 40, 30, 50 என்று போகிறார். ஏழாவது அடியில் இருவரும் 50-இல் சந்திக்கிறார்கள். இருவரும் இரண்டு பாதைகளையும் நடப்பதால், ஆழ வித்தியாசம் தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டு நோடுகளும் வெவ்வேறு மரங்களைச் சேர்ந்தவை என்றால் இருவரும் ஒரே நேரத்தில் `None`-க்கு வந்து லூப் நின்றுவிடும். முதல் வழியால் கண்டுபிடிக்க முடியாத தவறை இது கண்டுபிடிக்கிறது, அதுவும் தனியாக ஒரு வரி எழுதாமல்.

இதே ஜோடிக்கு முதல் வழியில் ஒரே நோடு தொட்டால் போதும், ரூட்டிலேயே 35-உம் 60-உம் பிரிந்துவிடுகின்றன. 35, 45 ஜோடிக்கோ கதை தலைகீழ்: இரண்டும் ஒரே ஆழம், ஒரே படியில் 40-இல் சந்திக்கும். இதைப் பார்த்து "பக்கத்துப் பக்கத்து நோடுகளுக்கு ஏறுவதே வேகம்" என்று முடிவு செய்துவிடக் கூடாது. 40, 35 இரண்டும் தாயும் பிள்ளையும்தான், இதைவிடப் பக்கம் கிடையாது. ஆனால் ஆழம் வேறு என்பதால் இருவரும் ரூட்டைத் தாண்டிப் போய் மறுசுற்று வந்து, ஐந்தாவது அடியில்தான் 40-இல் சேர்கிறார்கள். ஆழத்தை நோடிலேயே எழுதி வைத்தால் இந்தச் சுற்று மிச்சம். ஆனால் சமநிலை மரத்தில் ஒரு ரொட்டேஷன் நடந்தால் அதன் கீழுள்ள பல நோடுகளின் ஆழம் மாறிவிடும், அதைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

பிறகு அந்தப் பாயின்டரின் விலை. ஏறும்போது கூடுதல் மெமரி இல்லை என்பது உண்மை, ஆனால் பாயின்டர் ஏற்கெனவே நோடில் உட்கார்ந்திருக்கிறது. 64-பிட் கணினியில் ஒரு பாயின்டர் 8 பைட், பத்து லட்சம் நோடுகளுக்கு 8 எம்பி. ஒவ்வொரு ரொட்டேஷனிலும் பேரன்ட் பாயின்டர்களையும் மாற்றி எழுத வேண்டும், ஒன்றை மறந்தால் ஏறும் பாதை வேறெங்கோ போய்விடும். எல்.சி.ஏ.-வுக்காக மட்டும் இதைச் சேர்ப்பது நிபந்தனையை மீறுவதற்குச் சமம். ஆனால் பல நிஜ மரங்களில் இந்த விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் `rb_node`-இல் பேரன்ட் பாயின்டரும் நிறமும் `__rb_parent_color` என்ற ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஜாவாவின் `TreeMap` உள்ளே வைத்திருக்கும் நோடிலும் `parent` உண்டு. இப்படிப்பட்ட மரத்தை நீங்களே எழுதிப் பராமரிக்கிறீர்கள் என்றால், ஏறுவது இலவசம்.

## ஒரே கீ இரண்டு முறை வந்தால்

இதை முதல் வழியின் பகுதியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ஏறும் வழியைப் பார்த்தபின் சொன்னால்தான் வித்தியாசம் புரியும். சமமான கீ வந்தால் வலப்பக்கம் போடு என்ற விதி இருக்கும் மரத்தில் இன்னொரு 40-ஐச் சேர்ப்போம். அது 50, 30, 40 என்று வந்து, வலப்பக்கம் 45-க்குப் போய், அதன் இடப்பக்கப் பிள்ளையாக உட்காரும். இப்போது அந்தப் புதிய 40-க்கும் 45-க்கும் எல்.சி.ஏ. எது? 45. ஆனால் கீயை வைத்து இறங்கினால் பழைய 40-க்கு வந்தவுடன் நின்றுவிடும், ஏனென்றால் அது 40-க்கும் 45-க்கும் உட்பட்ட எண். விடை தவறு. பேரன்ட் பாயின்டரில் ஏறினால் நோடைத்தான் பார்க்கிறோம், கீயை அல்ல. 45 என்று சரியாக வரும். உங்கள் மரத்தில் ஒரே கீ மறுபடி வர இடமுண்டு என்றால், இந்த ஒரு காரணமே தேர்வை முடிவு செய்துவிடும்.

## வழி 4: மாரிஸ் முறை

ஸ்டாக்கும் பேரன்ட் பாயின்டரும் இல்லாமல் மரம் முழுவதையும் வரிசையாகச் சுற்றிவரும் முறை இது. ஒரு நோடின் இடப்பக்கம் இறங்குவதற்கு முன், வரிசையில் அதற்கு முந்தைய நோடின் காலியான வலப் பாயின்டரை இந்த நோடுக்கே கட்டிவிட்டுப் போகும். திரும்பி வந்ததும் அவிழ்த்துவிடும். சுற்றும்போதே ஆழத்தையும் எண்ணிக்கொண்டு வந்தால், இரண்டு நோடுகளுக்கும் இடைப்பட்டவற்றில் ஆழம் குறைந்தது எதுவோ அதுவே எல்.சி.ஏ. நிபந்தனையை இது முழுமையாகக் காப்பாற்றுகிறது.

ஆனால் தேடல் மரத்தில் கீகள் சொல்லிவிடும் ஒரு விஷயத்துக்கு மரம் முழுவதையும் சுற்ற வேண்டிய தேவை என்ன? அதைவிட முக்கியம், இது மரத்தில் எழுதுகிறது. விடை கிடைத்துவிட்டதே என்று நடுவில் `return` செய்தால் கட்டிய கயிறுகள் அவிழாமல் கிடக்கும். அடுத்து யாராவது மரத்தை அச்சிட்டால் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்காமல் ஓடும். அப்படி ஓடுவதைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அதே நேரத்தில் இன்னொரு த்ரெட் அந்த மரத்தைப் படித்துக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். கீ வரிசை இல்லாத சாதாரண பைனரி மரத்தில், பேரன்ட் பாயின்டரும் இல்லை, மரம் ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது என்றால் மட்டும் இதை எடுப்பேன்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | லூப்பில் இறங்குவது | ரிகர்ஷன் | ஏறுவது | மாரிஸ் |
|---|---|---|---|---|
| கூடுதல் மெமரி | O(1) | O(h) ஸ்டாக் | O(1), நோடில் பாயின்டர் இருந்தால் | O(1) |
| தேவை | ரூட், கீ | ரூட், கீ | நோடு, பேரன்ட் | ரூட், நோடு |
| தொடும் நோடுகள் | எல்.சி.ஏ. ஆழம் வரை | அதேதான் | இரு பாதைகளும் | மரம் முழுவதும் |
| இல்லாத கீ | தெரியாது | தெரியாது | எழாத கேள்வி | சுற்றும்போது தெரியும் |
| ஒரே கீ மறுபடி | தவறலாம் | தவறலாம் | சரி | சரி |
| மரத்தில் எழுதுமா | இல்லை | இல்லை | இல்லை | ஆம் |

## எந்த நிலையில் எது?

கீகள் ஒன்றுக்கொன்று வேறானவை, ரூட் கையில் இருக்கிறது என்றால் லூப்பில் இறங்குவதுதான். இன்டர்வியூவிலும் இதையே எழுதுங்கள், எழுதியவுடன் "கீகள் இரண்டும் மரத்தில் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் எல்.சி.ஏ.-விலிருந்து இரண்டையும் தேடும் இரண்டு சிறு லூப்களைச் சேர்த்தால் போதும்.

ஏறும் வழிக்கு மாறுவது மூன்று சமயங்களில். ரூட் கையில் இல்லை, நோடு மட்டும்தான் கிடைக்கிறது. ஒரே கீ மறுபடி வருகிறது. அல்லது கீயை ஒப்பிடுவதே பெரிய செலவு: நீளமான ஃபைல் பாதைகள் கீயாக இருந்து, அவற்றின் முன்பகுதி எல்லாம் ஒன்றுபோலவே இருந்தால், ஒவ்வொரு ஒப்பீடும் அந்த முன்பகுதி முழுவதையும் படித்த பிறகுதான் வித்தியாசத்தைக் காணும். ஏறும்போது ஒப்பிடுவது இரண்டு பாயின்டர்கள் ஒன்றா என்பதை மட்டும்தான்.

மரம் கயிறுபோல நீண்டுவிட்டிருந்தால் இவற்றில் எதுவும் உதவாது. அந்த 10000 நோடு கயிற்றில் 9998, 9999 கேட்டால் லூப் 9998 நோடுகளைத் தொடும். ஏறுபவர்களும் ஆழம் ஒன்று வித்தியாசம் என்பதால் ரூட் வரை போய்த்தான் திரும்புவார்கள். அங்கே மாற்ற வேண்டியது எல்.சி.ஏ. கோடை அல்ல, வரிசையாக வரும் கீகளை அப்படியே சேர்த்துக்கொண்டிருக்கும் இன்சர்ட்டை.